பார்க்காத வேலைக்கு மார்க்

கோகிலவாணிக்குப் பிடிக்காத மாதம் ஏப்ரல். வெயிலால் அல்ல. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்பும் மரவள்ளியும் போடும் வீட்டில் பிறந்தவளுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஏப்ரலில்தான் பட்டறையில் எல்லோருக்கும் மார்க் போட வேண்டும்.

கள்ளக்குறிச்சி சேலம் சாலையில் இருக்கிறது செல்லமுத்துவின் பட்டறை. மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, அரைத்து, பாலெடுத்து, மாவாக்கும் இயந்திரங்கள் அங்கே தயாராகின்றன. மெக்கானிக்கல் படித்துவிட்டு வரைபடம் போடும் வேலைக்கு அங்கே சேர்ந்தவள் கோகிலவாணி. வந்த புதிதில், "இந்தம்மா சொல்லி நாங்க போல்ட்டு முடுக்கணுமா?" என்று ஃபிட்டர்கள் காதுபடவே பேசினார்கள். ஒருநாள் ஒரு கிழங்கு ஆலையில் நின்றுபோன அரவை ட்ரம்முக்கு அடியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தவள், முகமெல்லாம் கிழங்குப் பாலோடு எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றது. இப்போது வெளியூர் வேலைக்குப் போகும் எல்லா ஃபிட்டர்களுக்கும் அவள்தான் மேனேஜர். கணவர் திருக்கோவிலூரில் பள்ளி ஆசிரியர். "நீ மார்க் போடுறது கம்மி, நான் போடுறது ஜாஸ்தி. ஆனா தூக்கம் போறது உனக்குத்தான்" என்று அவர் கேலி செய்வார்.

அந்த வருஷம் தூக்கத்தைக் கெடுத்தவன் இளமாறன். அவனைக் கானா நாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே புதிதாகக் கட்டிய ஸ்டார்ச் ஆலையில் இவர்கள் பட்டறை இயந்திரங்களைப் பூட்டி ஓட்டிக் காட்டி, அந்த ஊர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும். போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வாரம் தவறாமல் வாட்ஸப்பில் அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வரும்: இந்த வாரம் இத்தனை டன். அந்த எண் எப்போதும் எதிர்பார்த்ததில் பாதிகூட இருக்காது. காரணம் கேட்டால், "கிழங்கு கம்மிங்க மேடம்." அவ்வளவுதான். பேச்சில் அவன் கஞ்சன்.

செல்லமுத்து மேசையைத் தட்டினார்.

"இன்னாம்மா யோசிச்சுக்கினு இருக்க? ரெண்டு போடு. அஞ்சுக்கு ரெண்டு. திருப்பிக் கூப்டுக்கலாம், வேற ஆளை அனுப்பலாம்."

"சார், அவன் வேலையை நான் பாக்கவே இல்லையே."

"எண்ணிக்கை கண்ணு முன்னால நிக்குதே, அது போதாதா?"

"இங்க இருக்கிற ஃபிட்டர் நட்டு முடுக்குறது நம்ம காதுலயே விழுது. அவன் எந்நேரமும் இன்னா பண்றான்னு நமக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார். கொஞ்சம் டைம் குடுங்க."

"குடுக்குறேன். ஆனா அங்க கேட்டா, 'ரொம்ப நல்லவர்'னு தான் சொல்லுவாங்க. ஓசியில ஒரு இன்ஜினியர் கெடச்சா யார் விடுவா?"

அது தவறான பேச்சு இல்லை என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. அதனாலேயே கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு சின்னக் கிழங்கு மில்லைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. மலைப்பாதையில் ஜீப்பை ஓட்டியவர் தீனதயாளன். இன்றைக்கு ஸ்டோர்ஸில் இருந்தாலும், பத்து வருஷத்துக்கு முன்னால் நைஜீரியாவில் ஒரு ஆலையில் மூன்று வருஷம் இருந்து வந்தவர். மில்லில் இயந்திரம் சும்மா நின்றது. சரியாகத்தான் இருந்தது, நிறுத்திவைத்திருந்தார்கள்.

"மழை தண்ணி ஊறிக் கெடக்கு. கெழங்கு புடுங்க யாரும் வரலைங்க. வெலையும் கம்மி, மண்ணுலயே கெடக்கட்டும்னு விட்டுட்டாங்க" என்றார் மில்காரர் அம்மாசி.

திரும்பும்போது கோகிலவாணி கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கேட்டாள்.

"அண்ணா, இந்த மில்லு ஓடாததுக்கு இதைப் பூட்டுன ஃபிட்டருக்கு மார்க் கொறைப்பீங்களா?"

"அதெப்பிடி மேடம்?"

"அப்ப இளமாறனுக்கு மட்டும் எப்பிடி?"

தீனதயாளன் சிரித்தார். "நீங்க இங்கருந்துக்கினு அங்க பாக்கப் பாக்குறீங்க. அங்க கிழங்கு வெறும் சரக்கு இல்லீங்க. அது அவங்க சோறு. மாவு ஆலைக்குக் குடுக்குறதைவிடச் சந்தையில வித்தா விலை ஜாஸ்தி. வெட்டுன கிழங்கு ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. கரண்ட்டு எப்ப வரும்னு தெரியாது. நான் நைஜீரியா போனப்ப முதல் ஆறு மாசம் எனக்கு யாரும் ஒழுங்கா பதிலே சொல்லல. ஏன்னு தெரியுமா? காலையில போனதும் வணக்கம் சொல்லாம நேரா மெஷின்கிட்ட போய்டுவேன். அந்தப் பக்கமெல்லாம் அது பெரிய அவமரியாதை. இதெல்லாம் யாராச்சும் அவன்கிட்டச் சொல்லி அனுப்பிச்சமா?"

யாரும் சொல்லி அனுப்பவில்லை. கோகிலவாணிக்கு அந்த வளைவிலிருந்து தரை வரை அது உறுத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் அவள் முதலாளியிடம் ஒரு கோரிக்கை வைத்தாள். ஆலையின் மேலாளரோடு வீடியோவில் பேச வேண்டும். முதலாளியும் கூட இருக்க வேண்டும். "புகழ்ச்சி கேக்கப் போறதில்லங்க சார். என்ன நடந்தது, அவன் என்ன பண்ணினான்னு மட்டும்தான் கேப்பேன். அப்புறம் அங்க இருக்கிற ஆளுங்க வேலை பண்றதையும் பாப்பேன். எல்லாம் ஒத்துப்போனா எழுதுவேன். இல்லைன்னா நீங்க சொன்ன ரெண்டு."

செல்லமுத்து தாடியைச் சொறிந்தார். ஒத்துக்கொண்டார்.

நமக்கு மதியம் சாப்பாடு முடியும் நேரம், அவர்களுக்கு ஆலை தொடங்கும் காலை. திரையில் வந்தவள் அபெனா. ஆலையை நடத்துகிறவள், வயது நாற்பது இருக்கும், தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். ஆங்கிலத்தில்தான் பேச்சு. கோகிலவாணி நேராக, "இளமாறனைப் பற்றி" என்று தொடங்கினாள். அபெனா கையை உயர்த்தினாள்.

"முதலில் நீங்கள் நலமா? வீட்டில் எல்லோரும் நலமா? அங்கே மழை வந்ததா?"

கோகிலவாணி ஒரு கணம் திகைத்துவிட்டு, பதில் சொல்லி, திருப்பியும் கேட்டாள். செல்லமுத்துவுக்குப் பொறுமை போனது. ஆனால் அபெனா அவரையும் விடவில்லை. பேரன் பேத்திகள் வரை வந்து நின்றது. அதற்குள் அவர் முகமும் இளகிவிட்டது.

பிறகு கோகிலவாணி கேட்டாள், "அவர் வந்ததிலிருந்து கஷ்டமான நாள் எது? அன்று அவர் என்ன செய்தார்?"

அபெனா யோசித்தாள். "வந்த முதல் மாதங்கள் முழுவதுமே கஷ்டம். காலையில் யாரையும் பார்க்க மாட்டார். நேரே இயந்திரத்திடம் போவார். என் ஆட்கள் அவரை முரடன் என்றார்கள். நானே ஒருநாள் கூப்பிட்டுக் கண்டித்தேன். இப்போது சரியாகிவிட்டார், ஆனால் இன்னும் மறப்பார். நல்லவர் என்பதற்காக நான் இதைச் சொல்லாமல் விட மாட்டேன்."

செல்லமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். குறை சொல்கிற வாடிக்கையாளரை அவர் எதிர்பார்க்கவில்லை.

"கஷ்டமான நாள் என்றால், ஆலையில் கிழங்கு இல்லாமல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய நாள். அடுத்த நாள் காலையில் அவர் என் ஓட்டுநரோடு கிராமங்களுக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. கிழங்கு விவசாயிகள் ஏன் தரவில்லை என்று கேட்டுவிட்டு வந்தார். வெட்டிய கிழங்கை எடுத்துப்போக நாங்கள் தாமதமாக வந்தோம், கெட்டுப்போனது, அவர்களுக்கு நஷ்டம். இதுதான் காரணம். லாரி எந்த ஊருக்கு எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினோம். இப்போது கிழங்கு வருகிறது. இன்னும் போதாது. ஆனால் வருகிறது."

"இதெல்லாம் உங்கள் வேலையாட்களே செய்யக் கூடாதா? அவர் வேலை இயந்திரம்தானே?" என்று செல்லமுத்து தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம். அதனால் இயந்திரத்தையும் பாருங்கள்" என்றபடி அபெனா ஃபோனைக் கையிலெடுத்து நடந்தாள். அரவைக் கூடத்தில் மூன்று பேர் ட்ரம்மைக் கழற்றிப் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இளமாறன் அங்கே இல்லை, கிராமத்துக்குப் போயிருந்தான். அவனில்லாமலே வேலை நடந்தது. கோகிலவாணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிளேடை வரிசை தப்பாமல் வைக்கிறார்கள். போல்ட்டை எதிரெதிராக முடுக்குகிறார்கள், பக்கத்துக்குப் பக்கமாக இல்லை. அப்படித்தான் செய்ய வேண்டும்.

கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் திரையைப் பார்த்துக் கையசைத்தார். "இன்னா ணா! தொடச்சியா?" என்று கத்தினார். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அவர் கற்றுக்கொடுத்தது" என்றாள் அபெனா. "துடைக்காமல் பூட்டினால் அப்படித்தான் கத்துவார். அதன் பொருள் என்ன?"

கோகிலவாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செல்லமுத்துவின் வயிறும் குலுங்கியது.

சாயங்காலம் இளமாறனோடு பேசினாள். அந்த ஊரின் செம்மண் தூசி அவன் முகத்தில் ஒட்டியிருந்தது. கேள்விக்கு முன்னாலேயே தலையைக் குனிந்தான்.

"நம்பர் கம்மிதாங்க மேடம். என் மேலதான் தப்பு."

"உன் மேல இல்லாததை நீயே எடுத்துக்காத. நீ இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு ஒரு வரியாவது எழுதக் கூடாதாப்பா? ஊருக்கு ஊரு போயி கெழங்கு கொண்டாந்தது அபெனா சொல்லித் தெரிய வேண்டியிருக்கு."

"அது மெஷின் வேலை இல்லீங்களே. எழுதினா, 'உன்ன யாரு அதுக்கு அனுப்பிச்சா'ன்னு கேப்பீங்கன்னு..."

"கேட்டிருப்போம்" என்றாள் கோகிலவாணி. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவள் மார்க்கை இப்படிப் போட்டாள். உற்பத்தி எண்ணை ஒதுக்கிவைத்தாள். மின்சாரமும் கிழங்கும் அவன் கையில் இல்லை. இயந்திரம், ஆட்களைத் தயார் செய்தது, கேட்காமலே பிரச்சினையைப் பிடித்தது, மூன்றுக்கும் உயர்ந்த மார்க். அந்த ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போனதில் நடுத்தரம், அபெனா சொன்னதை அப்படியே எழுதினாள். தகவல் தெரிவிப்பதில் குறைவு. அன்றாடம் அவனைப் பார்க்கிறவர்கள் சொன்னதற்கு அதிக எடை கொடுத்தாள். தன் சொந்த அபிப்பிராயத்துக்குக் குறைவாக. மொத்தம் நாலு.

செல்லமுத்து படித்தார். மேலும் படித்தார். "தகவல் சொல்றதுல இவ்ளோ கொறச்சிட்ட?"

"அது நிஜம்தானே சார். அதுல பாதிப் பழி நம்ம மேலயும். நாமதான் டன்னை மட்டும் கேட்டோம்."

கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அன்று மாலை இளமாறனிடம் கோகிலவாணி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். வணக்கம் சொல்ல மறப்பது வந்ததும் அவன் காது சிவந்தது. "அபெனாம்மா அதையும் சொல்லிட்டாங்களா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு "நாலுங்களா?" என்று மட்டும் திரும்பவும் கேட்டுக்கொண்டான்.

கருணாபுரத்தில் இருக்கும் அவன் அம்மா ஜெயம்மாளுக்கு அவளே ஃபோன் செய்தாள். மார்க் என்னவென்று விளக்கப் பார்த்தாள். அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: "எம் புள்ள ஒழுங்கா சாப்புடுதாம்மா?" கோகிலவாணி அபெனாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள், கேட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் எழில்மதி என்ற பெண்ணை உகாண்டாவுக்கு அனுப்ப ஏற்பாடானது. அவள் விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பே செல்லமுத்து கோகிலவாணியை அழைத்தார்.

"இந்தப் பொண்ணு அங்க போய் இன்னா பண்ணினா 'நல்லாப் பண்ணிச்சு'ன்னு சொல்லுவோம்? கெளம்புறதுக்கு முன்னாலயே பேசிடலாமா?"

தீனதயாளனும் வந்து உட்கார்ந்தார். மூவரும் தேநீர் ஆறும் வரை பேசினார்கள். எழில்மதி பக்கத்து நாற்காலியில் பேனாவைத் திறந்தாள்.

"முதல்ல ஒண்ணு" என்றார் தீனதயாளன். "அங்க போனதும் எல்லார்கிட்டயும் நலமான்னு கேளு. அப்புறமாத்தான் மெஷினைத் தொடணும்."