கீழ்வீட்டு மின்விசிறி

அவரை எல்லோரும் வயர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். காலமெல்லாம் அடுத்தவர் வீட்டு ஏணியில் நின்று சம்பாதித்து, மாடி வைத்து ஒரு வீடு கட்டினார். கீழே வாடகைக்கு, மேலே குடித்தனம். மனைவிக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டபோது எல்லாம் தலைகீழாயிற்று. மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நாற்காலியோடு மேலே தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் தெருவைப் பார்ப்பது ஜன்னல் கம்பி வழியாகத்தான்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கறீங்க. என்னைக் கீழ எறக்கத்தான் வழியக் காணோம்."

கீழ்வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் பிடிப்பவர். தேன் ஒழுகப் பேசுவார். வாடகையை நிறுத்தி மாதக் கணக்காகிறது. மனைவிக்காகக் கீழ்வீட்டைக் கேட்டபோது காலி செய்யவும் மாட்டேன் என்றார். வக்கீல் நோட்டீஸ் போயிற்று: வாடகை உரிமை இத்தோடு முடிகிறது, இந்தத் தேதிக்குள் பாக்கியைக் கட்டி வீட்டை ஒப்படைக்க வேண்டும். தேதியும் கடந்தது. இனி வழக்குதான்.

"தண்ணி, கரண்ட்ல கை வெச்சுடாதீங்க, கேஸ் உங்க மேல திரும்பும்" என்று வக்கீல் எச்சரித்திருந்தார். "அவர் கையால பணமும் வாங்காதீங்க. கெடு முடிஞ்சப்புறம் வாடகை வாங்கினா, நோட்டீஸ நீங்களே கைவிட்டதா வாதாடுவாங்க. பாக்கியக் கோர்ட்ல கேட்டுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை இரவு கீழேயிருந்து குரல் வந்தது. "அண்ணே, ஃபேனுக்குக் கரண்ட் வரல. நீங்க புடுங்கிட்டதா யாராவது சொல்லிடப் போறாங்க, கொஞ்சம் பாருங்களேன்."

போகாமல் இருக்க முடியுமா? ஏணியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மின்விசிறிக்குப் போகும் கம்பி தீய்ந்திருந்தது. வெட்டி, புதிதாக இணைத்தார். சோபாவில் முன்பின் தெரியாத ஒருவன் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். விசிறி சுழன்றது.

"கை ராசிண்ணே உங்களுக்கு! இந்தாங்க" என்று மடித்த நோட்டுகளை நீட்டினார் கீழ்வீட்டுக்காரர்.

வயர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். வேலை முடிந்தால் கூலி வரும். ஆள் எதிரில் அதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்ததே இல்லை.

மேலே வந்து சட்டையைக் கழற்றினார். மனைவி நல்ல கையால் பையைத் துழாவி நோட்டுகளை மடியில் பரப்பினாள்.

"ஒரு ஒயரு மாட்டினதுக்கா இவ்வளவு?"

ஒரு மாத வாடகை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அள்ளிக்கொண்டு ஓடினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். பணத்தை இடுக்கு வழியாகத் தள்ளினார். அது அப்படியே திரும்பி வந்தது.

"வாடகையத் திருப்பிக் குடுப்பாங்களாண்ணே?" என்றது உள்ளிருந்து குரல். "போய்ப் படுங்க."

"என்னங்க, என்ன சொல்றான்?" மாடியிலிருந்து மனைவி கேட்டாள்.

படிக்கட்டின் அடியில் நின்றார். ஜன்னலுக்குள் தெரிந்த விசிறி, அவர் சரிசெய்த விசிறி, சத்தமே இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.