மைனஸ் ஐந்து

உத்திரமேரூரில் ஒரு தனியார் கல்லூரியில் பதினெட்டு வருடமாகக் கணிதம் நடத்துகிறேன். துறைத்தலைவர். என்னுடைய கையெழுத்து நோட்ஸ் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக் கிடைக்கும். அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து வாங்கிப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று எழுதுவதே பொய்தான், நிறைய உண்டு.

போன வருடம் எங்கள் துறைக்கு ஒரு விரிவுரையாளர் தேவைப்பட்டார். ஒரே ஒரு இடம். நேர்காணல் குழுவில் முதல்வர், கல்லூரிச் செயலாளர், நான் மூவரும் இருந்தோம். முதல்வர் வேதியியல்காரர். செயலாளர் நெல் வியாபாரம் செய்தவர். கணக்கில் தப்பா சரியா என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான். வந்தவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் கரும்பலகையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பு நான் கொடுத்ததுதான்: லக்ராஞ்ச் பெருக்கி, ஒரு கட்டுப்பாட்டுக்குள் நின்று ஒன்றை அதிகபட்சமாக்கும் முறை.

மூன்றாவதாக வந்த பெண் சாலவாக்கம் பக்கத்துக் கிராமம். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர் என்று விண்ணப்பத்தில் இருந்தது. எம்.எஸ்சி.யில் நல்ல மதிப்பெண். இதுவரை நான்கு கல்லூரிகளில் நேர்காணலுக்குப் போய் வந்தாளாம்.

"இதுவும் கெடைக்கலன்னா இன்னாமா பண்ணுவ?" என்று செயலாளர் கேட்டார்.

"ஒரகடத்துல கம்பெனி வேலைக்குக் கூப்புட்டுக்கினு இருக்காங்க சார். அதுக்குப் போய்டுவேன். இதோட இன்டர்வியூ போறத வுட்டுடலாம்னு வூட்ல சொல்லிட்டாங்க" என்றாள். அழுது வடியவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

பிறகு கரும்பலகைக்குப் போனாள். நாற்பது மீட்டர் கம்பி வேலி இருக்கிறது, அதை முழுக்கச் சுற்றி ஒரு செவ்வக நிலத்தை அடைக்க வேண்டும், பரப்பளவு அதிகபட்சம் எவ்வளவு வரும் என்று ஆரம்பித்தாள். பக்கங்கள் x, y. பெரிதாக்க வேண்டியது xy. கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: 2x + 2y = 40. இரண்டையும் லாம்டா என்ற ஓர் எண்ணால் கோத்துப் பலகையின் உச்சியில் இப்படி எழுதினாள்:

xy − λ(2x + 2y − 40)

x-ஐ வைத்து வகையிட்டுச் சுழியமாக்கினால் y = 2λ. y-ஐ வைத்துச் செய்தால் x = 2λ. ஆக இரண்டு பக்கமும் சமம். அதைக் கட்டுப்பாட்டில் போட்டால் 8λ = 40. லாம்டா ஐந்து, பக்கம் பத்துப் பத்து மீட்டர், நிலம் நூறு சதுர மீட்டர்.

"இந்த அஞ்சுக்கு ஒரு அர்த்தம் கீது சார்" என்று எங்கள் பக்கம் திரும்பினாள். பரபரப்பில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "வேலி இன்னும் ஒரு மீட்டர் கூடக் கெடைச்சா..."

நான் அவளை முடிக்க விடவில்லை. என் நோட்ஸில் இதே கணக்கு இருக்கிறது. அதில் லாம்டா மைனஸ் ஐந்து. பதினெட்டு வருடமாக மைனஸ் ஐந்து.

"லாம்டா குறி தப்பும்மா" என்றேன். "மைனஸ் அஞ்சு வரணும்."

"இல்ல சார், நான் மேல..."

"யூனிவர்சிட்டி ஆன்சர் கீயில மைனஸ்தான். இத்தப் போய் பசங்ககிட்ட நடத்தினா பசங்களுக்கு மார்க் போயிடும். மாத்து."

அவள் தயங்கினாள். பின்பு டஸ்டரை எடுத்து ஐந்தை அழித்து மைனஸ் ஐந்து என்று எழுதினாள். "அப்ப பக்கம் எவ்ளோ?" என்று விடாமல் கேட்டேன். பலகையில் x = 2λ என்று அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்தே போட்டாள்: x = −10.

"மைனஸ் பத்து மீட்டர் நெலமா! பட்டா எந்த ஆபீஸ்ல தருவான்?" என்று செயலாளர் சிரித்தார். முதல்வரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டேதான் பலகையின் உச்சி வரியைப் பார்த்தேன். அவள் கழித்தல் போட்டிருந்தாள். நான் என் நோட்ஸில் கூட்டல் போடுவேன்: xy + λ(2x + 2y − 40). அப்படிப் போட்டால் y = −2λ, லாம்டா மைனஸ் ஐந்து, பக்கம் அதே பத்து. கழித்தல் போட்டால் லாம்டா பிளஸ் ஐந்து, பக்கம் அப்போதும் பத்துதான். எப்படிப் போட்டாலும் சரி, போட்ட பிறகு கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை வைத்துக் கலைத்தவன் நான். நான் வாயை அடைத்த அந்த விளக்கம்கூடச் சரி. நாற்பத்தொரு மீட்டர் வேலி என்றால் பரப்பு ஏறக்குறைய ஐந்து சதுர மீட்டர் கூடும். கழித்தல் போட்டு எழுதினால் அது லாம்டாவிலேயே நேராகத் தெரியும். என் மாணவர்கள் யாருக்கும் நான் இதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

ஒரு வாக்கியம் போதும். 'என் தப்பு, நீ எழுதினது சரிம்மா.' அதைச் சொன்னால் முதல்வர் என்ன நினைப்பார், நெல் வியாபாரி என்ன நினைப்பார் என்றுதான் என் புத்தி போயிற்று. தலையைக் குனிந்து மதிப்பெண் தாளில் 'கருத்துத் தெளிவு போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து வந்த பையன் என் நோட்ஸை வரி மாறாமல் ஒப்பித்தான். வேலை அவனுக்குப் போயிற்று.

நியமன உத்தரவு தட்டச்சாக இரண்டு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை சொல்லிவிடுவது என்றே முதல்வர் அறைக்குப் போனேன். "என்ன சார்?" என்று நிமிர்ந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன். எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு வேலையும் இல்லை. லீவு எடுத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலை, செங்கல்பட்டு போக பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கம்பெனி வேனுக்காக நீலச் சட்டை போட்ட பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் அவளும் இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. நான் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தேன், அதற்குள் அவளே வந்து வணக்கம் சொன்னாள். "நாஷ்டா ஆச்சா சார்?" என்றாள்.

இதற்கு மேல் ஓட இடமில்லை. "அன்னிக்கு நீ போட்ட கணக்கு சரிதாம்மா. லாம்டா அஞ்சுதான். நான்தான் கொழப்பிட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும் சார்" என்றாள். "பஸ்ல ஏறி ஒக்காந்ததுமே போட்டுப் பாத்துட்டேன்."

"எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சிது" என்று ஒரு பொய்யைச் சேர்த்தேன். அந்த நேரத்திலும்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "இல்ல சார். அல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தப்ப நீங்க மேல் வரியப் பாத்தீங்க. ஒடனே சிரிப்ப நிறுத்திட்டீங்க. நான் ஒங்களயேதான் பாத்துக்கினு இருந்தேன். இதோ சொல்லிடுவாரு, இதோ சொல்லிடுவாருன்னு டஸ்டரக் கையில வச்சிக்கினே நின்னேன்."

வேன் வந்தது. மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "முதல்வர்கிட்ட நான் வேணும்னா இப்ப..." என்று இழுத்தேன்.

"வாணாம் சார். பாவம், அந்தப் பையன் சேந்துட்டாரு இல்ல" என்றாள். "வரேன் சார்."

அந்த 'சார்' என்பதில் மரியாதை துளியும் குறையவில்லை. குறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.