சட்டி விரதத்தில் எண்ணிய மீன் ஓடர்கள்

1. தீபாவளிக்கு முந்திய வாரம், அக்காவின் மீன் வியாபாரத்துக்கு ஃபேஸ்புக்கில் இரண்டு விளம்பரம் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஆறாயிரம் ரூபா. அக்கா மீனை வெட்டித் துப்புரவாக்கி, திருகோணமலை நகரத்திலும் உப்புவெளியிலும் வீடுகளுக்கு அனுப்புகிறவர்.
2. கரைவலை இழுக்கும் வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.
3. மீனும் விலையும் போட்ட வெறும் படத்தை மூவாயிரம் பேர் பார்த்தார்கள்.
4. மிச்சக் காசு முழுவதையும் வீடியோவுக்குப் போடச் சொன்னார் அக்கா. அதுதான் அவர் கையிலிருந்த கடைசி விளம்பரக் காசு.

வீடியோவின் கீழே எழுதியவர்களில் பெரும்பாலோர் கனடாவிலும் லண்டனிலும் இருந்தார்கள். ஊர் ஞாபகம் வருகிறது என்றார்கள். அவர்களுக்கு எங்களால் பாரை மீன் அனுப்ப ஏலாது. வீடியோவைப் பார்த்து விலை கேட்ட உள்ளூர்க்காரர் பன்னிரண்டு பேர். ஒரு விசாரிப்புக்கு ஐந்நூறு ரூபா. படத்தைப் பார்த்துக் கேட்டவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். ஒரு விசாரிப்புக்கு நூற்றிருபத்தைந்து.

இந்தக் கணக்கைக் காட்டியும் அக்கா அசையவில்லை. "விலை கேக்கிறவன் எல்லாம் வாங்குவானோ பிள்ளை? ஒருக்கா வாங்கினவன் திரும்பி வாறானோ, அதைச் சொல்லுங்கோ."

கேள்வி சரிதான். படத்தின் மூலம் இருபது வீடுகள் வாங்கியிருந்தன. அடுத்த வாரம் மறுபடி வாங்கியவை மூன்றே மூன்று. வீடியோ மூலம் வாங்கிய நான்கு வீடுகளில் ஒன்றும் திரும்பவில்லை. மூன்றை வைத்துக்கொண்டு நான் எப்படி வாதாடுவது? மீனில் ஏதும் பழுதோ, ஐஸ் போதவில்லையோ என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். சோறு இறங்கவில்லை.

தட்டில் வாழைக்காய்ப் பொரியல் இருந்தது. முந்தின நாள் பூசணிக்காய். குசினியில் மீன்சட்டி கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. அம்மா கந்தசட்டி விரதம். அந்த வாரம் எங்கள் வீட்டுக்குள் மீன் வரவே இல்லை. கையைக் கழுவிவிட்டு ஓடர் விலாசங்களைப் பார்த்தேன். மறுபடி வாங்கிய மூன்றும் முஸ்லிம் வீடுகள். மிச்சப் பதினேழில் பெரும்பாலானவை எங்களைப் போல விரதம் பிடிக்கும் வீடுகள்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். விரதம் முடிக்கிற பாறணைக்குப் பிறகு ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நானும் விரதம்தான். மற்றவைக்கு மீன் வெட்டிக்கொண்டு இது விளங்கேல்லயே எனக்கு. ஒரு கிழமைதான், சரியோ. அதுக்குப் பிறகு பொறுக்க ஏலாது."

அந்த ஒரு கிழமை முழுக்க அக்காவின் கடையில் இருந்து போனையே பார்த்தேன். பாறணைக்கு மறுநாள் காலை ஒன்றும் வரவில்லை. நான் பிழையாக நம்பிவிட்டேனோ என்று ஓடர் விலாசங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு உப்புவெளியிலிருந்து ஒரு வீடு முரல் மீன் கேட்டது. அது படத்தைப் பார்த்து முன்பு வாங்கிய வீட்டின் போன் இலக்கம்.

கிழமை முடிவில், இருபது வீடுகளில் பதினொன்று இரண்டாம் தரம் வாங்கியிருந்தன. வீடியோவின் நான்கில் ஒன்றும் வரவில்லை. அதற்குக் காசு போடுவதை நிறுத்திவிட்டோம். மிச்சக் காசு படத்துக்குப் போகிறது. மூன்றாம் தரம் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று இன்னும் தெரியாது.