கடைசி மூன்று வரிகள்

பல்கலைக்கழகத்தின் வாசிப்பு ஆய்வுக்கூடத்தில் அவளைப் புள்ளிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடங்களாக அவள் செய்துவரும் வேலை அப்படி. ஆட்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "புள்ளி வரும், புள்ளியை மட்டும் பாருங்க, தலையை ஆட்டாதீங்க" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் வீட்டில் சாப்பாடு போடும்போது கணவரிடமும் தலையை ஆட்டாதீங்க என்று சொல்லிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துபவர். நாள் முழுக்க ஜனங்களின் முகவாயைப் பிடித்து நேராக்குகிற மனிதர். மறுபேச்சில்லாமல் ஆடாமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நல்ல கருவி உண்டு. கண்ணில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, பார்வை எந்தச் சொல்லில் நிற்கிறது என்று சொல்லிவிடும். ஆனால் அதற்கு முகவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்து உலகத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை. அதனால் பேராசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. சாதாரண வெப்கேமை எடுத்துக்கொண்டு, ஆட்கள் வேலை செய்கிற இடத்துக்கே போனால் என்ன?

போனார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களை அச்சடிக்கும் ஓர் அச்சகம் இடம் கொடுத்தது. எந்த மாதிரி வரி அமைப்பு படிக்கச் சுலபம் என்று பார்ப்பதுதான் ஆய்வு. புள்ளிக்காரம்மா ஒவ்வொருவர் மேசைத் திரையின் தலையிலும் கேமராவை மாட்டினாள். ஒன்பது புள்ளிகளைக் காட்டினாள். கண் இப்படி இருந்தால் பார்வை இங்கே, அப்படி இருந்தால் அங்கே என்று மென்பொருள் அதை வைத்துக் கற்றுக்கொள்ளும். பிறகு வினாடிக்கு முப்பது படம் வீதம் கருவிழியைத் தேடிப் பிடித்து, இன்ன இடத்தைப் பார்க்கிறார் என்று ஊகிக்கும். ஊகம்தான். அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்தவருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தப்பலாம். இடது வலது பரவாயில்லை, மேல் கீழ் மோசம், இமை வந்து மறைத்துவிடும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டர். ஆக, இடப்பக்கம் பார்க்கிறாரா வலப்பக்கம் பார்க்கிறாரா, பக்கத்தின் மேலா கீழா என்று சொல்லலாம். எந்த வரி என்று சொல்ல முடியாது. இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

தெரிந்தும் ஒரு காரியம் செய்தாள். இடைக்கால அறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்றார் பேராசிரியர். பார்வை பட்ட இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் உண்மையான படங்கள் எல்லாம் சிந்திய மிளகு மாதிரி பக்கம் முழுக்க இறைந்து கிடந்தன. மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. வரிக்கு வெளியே விழும் புள்ளிகளை அருகில் உள்ள வரியோடு ஒட்டிவிடும். அதைப் போட்டாள். பதினேழாம் எண் ஆளின் படம் சட்டம் போட்டு மாட்டலாம் போல வந்தது. வரிக்கு வரி மணி மணியாகப் புள்ளிகள். அதையே அட்டையில் வைத்தாள். இடம் கொடுத்த அச்சகத்துக்கும் அறிக்கையின் ஒரு பிரதி போனது. பெயர் இல்லை, எண்தானே என்று நினைத்தாள். படத்துக்குப் பின்னால் துண்டுத்தாள் தெளிவாகத் தெரிந்தது என்பது தோன்றவில்லை. அந்தத் தாளைப் படித்தது ஒரே ஒருவர் என்பது அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அச்சக மேலாளரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க படம் ரொம்ப உபயோகமா இருந்துச்சு. நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"எந்தப் படம் சார்?"

"அட்டைப் படம்தான். அந்தத் தாள்ல குழந்தைகளுக்கான அளவு தப்பா போயிருச்சு. அரை மில்லின்னு இருக்கணும், அஞ்சு மில்லின்னு இருக்கு. நல்லவேளை, மருந்துக் கம்பெனியிலேயே பாத்துட்டாங்க. கடைக்குப் போகல. கடைசிக்கு முந்தின வரி. உங்க படத்துல பாருங்க, கடைசி மூணு வரியில ஒரு புள்ளி கூட இல்ல. நம்ம ப்ரூஃப் ரீடர் படிக்கவே இல்ல. கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு."

"அவர் என்ன சொல்றாரு?"

"ஒத்துக்கிட்டாரு. எழுதியும் குடுத்துட்டாரு. கவனக்குறைவுன்னா எச்சரிக்கைக் கடிதத்தோட போயிருக்கும். படிக்காமலே கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு அனுப்பணும்னு எங்க விதி. வெள்ளிக்கிழமை முடிவு."

போனை வைத்துவிட்டு அவள் அட்டையைப் பார்த்தாள். கடைசி மூன்று வரிகள் வெறிச்சென்று இருந்தன. முதல் வரியில் மட்டும் புள்ளிகள் குவியலாக இருந்தன. மற்ற வரியைப் போல நான்கு மடங்கு. அது மருந்தின் பெயர் மட்டும் உள்ள தலைப்பு. இருபத்திரண்டு வருடம் பிழை திருத்திய மனிதர் தலைப்பை மட்டும் நான்கு வரி நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மூன்று வரியை விட்டுவிட்டு எழுந்து போவாரா? இதை இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் கேட்டிருக்க வேண்டும். படம் அழகாக இருந்ததால் கேட்கவில்லை.

இரவு கணவரிடம் சொன்னாள். அவர், "கண்ணால் காண்பதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "கண்ணு பொய் சொல்லல, நான் பண்ணினது" என்றாள்.

மறுநாள் அச்சகத்துக்குப் போனாள். ப்ரூஃப் ரீடரின் அறை அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் செருகினாற்போல இருந்தது. அவர் அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டிருந்தார். அவள் முன்பு வந்தபோது அடிக்கோல் இல்லை.

"சார், நீங்க நிஜமாவே அந்த மூணு வரியைப் படிக்கலையா?"

"படிச்சேன்னுதான்மா நெனச்சேன். படத்தைக் காட்டினாங்க. படத்துல இல்லையே." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் நெனப்பை விட மெஷின் பெருசில்லையா. இப்ப வீட்டுல பேப்பர் படிச்சாலும், இந்த வரியைப் படிச்சேனா இல்லையான்னு திரும்பிப் போறேன். வீட்டுல திட்டுறாங்க."

புள்ளிக்காரம்மா அவருடைய அடிக்கோலைப் பார்த்தாள். வேலை போவதைக்கூட ஒருவன் தாங்குவான். தான் படித்ததைத் தானே நம்ப முடியாத நிலைமைக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்து விட்டோமே என்று நினைத்தாள்.

"அன்னைக்கு எந்த நாற்காலியில உக்காந்தீங்க?"

"இதேதான். நமக்கு வேற ஏது?"

அவரை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியை முழுக்க உயர்த்திவிட்டு அவள் உட்கார்ந்தாள். சுழல் நாற்காலி. மெத்தென்றுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மேசை விளிம்பு உயர்ந்த மாதிரி பட்டது. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, இருக்கைக்கும் தரைக்கும் பிடித்தாள். கால்மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தாள். மறுபடி பிடித்தாள். மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதற்கு மேல் இறங்கவில்லை.

"காத்து போற நாற்காலி" என்றார் அவர். "அன்னைக்கும் நீங்க வர்றதுக்கு முன்னாடி ஏத்தித்தான் வச்சேன். அதுபாட்டுக்கு எறங்கும். யாரு சொல்றது."

அன்றைக்கு அவர் ஒன்பது புள்ளிகளைப் பார்த்து முடித்ததும் மூன்று தாள்கள் படித்தார். இந்தத் தாள் மூன்றாவது. அதற்குள் நாற்காலி அடி வரை இறங்கிவிட்டது. தலை இறங்கியதால் அதே வரியைப் பார்க்கக் கண் சற்று நிமிர வேண்டியிருந்தது. கண் நிமிர்ந்தால் மென்பொருளுக்குப் பார்வை மேலே போன மாதிரி. எல்லா வரிகளும் மூன்று வரி மேலே ஏறின. மேலே போய் வெளியே விழுந்தவற்றை எல்லாம் இழுத்துத் தலைப்போடு ஒட்டியது அவள் போட்ட வசதி. கீழே மூன்று வரி காலி. சிந்திய மிளகாக விட்டிருந்தால் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

பேராசிரியரிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். "படத்துல பிழை இருக்கலாம்னு பொதுவா ஒரு வரி எழுதி அனுப்பிடலாம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா சார்? ஒட்டினது நான். என் பேர்லயே எழுதுறேன். மத்த படங்களும் வரி அளவுல செல்லாதுன்னு சேத்து எழுதுறேன்."

"ஆறு மாச வேலைம்மா."

"தெரியும் சார்."

அவர் அறிக்கையை அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார். பிறகு எழுதச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறைக்கு அவள் அந்த நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள். ப்ரூஃப் ரீடரும் கூடவே வந்தார். அதை உயர்த்தி மேலாளரை உட்காரச் சொல்லி, திரைமேல் கேமராவை மாட்டி, ஒன்பது புள்ளிகளைக் காட்டினாள். பிறகு கால்மணி நேரம் விதிகளைப் பற்றிக் கேட்டாள். விதிகளைப் பற்றிக் கேட்டால் அவர் கால்மணி நேரம் பேசுவார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. முடிந்ததும் புள்ளிகளை ஒட்டும் வசதியோடு அதே துண்டுத்தாளைத் திரையில் போட்டாள்.

"கடைசி வரியை மட்டும் பாருங்க சார். வேற எதையும் பார்க்காதீங்க."

பார்த்தார். புள்ளிகள் மூன்று வரிக்கு மேலே போய் வரிசையாக உட்கார்ந்தன.

"நான் கடைசி வரியைத்தானே பாக்குறேன்" என்றார் மேலாளர்.

"உங்களை நான் நம்புறேன் சார்."

அவர் இன்னொரு தடவை கடைசி வரியைப் பார்த்தார். பிறகு மேலாளர், "அப்போ அவர் படிச்சாருங்கிறீங்க" என்றார்.

அங்கேதான் அவளுக்குச் சோதனை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் சுபம். "அது எனக்குத் தெரியாது சார். நாற்காலி சரியா இருந்திருந்தாலும் இந்தக் கேமராவால எந்த வரின்னு சொல்ல முடியாது. படிச்சாருன்னும் சொல்லாது, படிக்கலைன்னும் சொல்லாது. தப்பு விட்டுப்போச்சு, அது நிஜம். அதுக்கு மேல இந்தப் படத்தை வச்சு எதுவும் சொன்னா அது நான் சொன்ன பொய். அதைத்தான் கடிதத்துல எழுதியிருக்கேன்."

மேலாளர் கடிதத்தை வாங்கிப் படித்தார். ப்ரூஃப் ரீடர் எழுதிக் கொடுத்த தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "எச்சரிக்கைக் கடிதம் வரும்" என்றார். "நாற்காலிக்கும் சொல்றேன்."

வெளியே நடையில் ப்ரூஃப் ரீடர் புள்ளிக்காரம்மாவிடம் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். சுவரோரம் நின்று படித்தார். பையில் அடிக்கோல் இருந்தது, எடுக்கவில்லை. விரலையும் வைக்கவில்லை. அவள் காத்திருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தவர், என்னவோ போலக் கேட்டார்.

"கடைசி வரி வரைக்கும் படிச்சேனாம்மா?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும்."

அவர் தாளைப் பார்க்கவில்லை. அதை மடித்தார்.

"படிச்சேன்" என்றார்.