இடது பக்கத்துத் தட்டுகள்

என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம் ஆன பிறகும் வீட்டில் பிஸ்கட் கிடைத்துக்கொண்டே இருந்தது. தையல் மெஷின் டிராயரில் இரண்டு, மழைக்கோட்டுப் பையில் மூன்று, செருப்புப் பெட்டியில் காகிதம் சுற்றி ஒன்று. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். கூடவே எரிச்சலும் வரும். எறும்பு வந்தால் யார் துடைப்பது என்று கொஞ்சமாவது யோசித்தாரா அந்த மனுஷன்?

அவர் அநாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கே பெரிய பையன்கள் சின்னவர்களின் ரொட்டியைப் பிடுங்கித் தின்பார்களாம். "ஒரே இடத்துல வெச்சா ஒரே அடியா போயிடும். நாலு இடத்துல வெச்சா ஒண்ணாவது மிஞ்சும்" என்பார். விடுதியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஒளிப்பதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் மறுநாள் அந்தப் பிஸ்கட் அங்கே இருக்காது. இருபத்தாறு வருஷம் சோறு போட்டவளைத் திருடி மாதிரி நினைத்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? முதலில் சண்டை போட்டேன். பிறகு, அவர் கை அலமாரிப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன்.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. காக்கைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற கூடம் அது. அவர் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டார். நான் சமையலறையில் இறைச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கி, முட்டை வேகவைத்து, கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்களை வேலை வாங்கியவரை எல்லோரும் டாக்டரம்மா என்போம். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர்.

டாக்டரம்மா செய்த சோதனை எளிமையானதுதான். ஒரு காக்கையைத் தனி அறையில் விடுவார்கள். தரையில் மணல் நிரப்பிய ஆறு தட்டுகள் வரிசையாக இருக்கும். காக்கை வயிறு நிறையத் தின்றுவிட்டு, மிச்சத்தை ஒவ்வொரு துண்டாக வெவ்வேறு தட்டில் அலகால் குத்திப் புதைத்து மணலைத் தள்ளி மூடும். சில நாள் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு காக்கை ஜன்னல் வழியாகப் பார்க்கும். சில நாள் ஜன்னலை மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் கழித்து, ஒளித்த காக்கையை மட்டும் மறுபடி உள்ளே விடுவார்கள். மற்றது பார்த்திருந்தால், பார்த்த துண்டுகளைத் தோண்டியெடுத்து வேறு இடத்தில் வைக்கும். யாரும் பார்க்காத நாளில் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். எல்லாவற்றையும் டாக்டரம்மா தன் அறையில் கேமரா வழியாகப் பார்ப்பார்.

இந்தக் கணக்கில் சேராத ஒரே பறவை, சந்தேகி என்று நாங்கள் கூப்பிட்ட காக்கை. இடது இறக்கை கோணல். ஜன்னலை மூடியிருந்தாலும் தோண்டித் தோண்டி மாற்றும். என் வீட்டுக்காரர் இருந்தவரை டாக்டரம்மா பொறுத்துக்கொண்டார். போன மாதம் என்னைக் கூப்பிட்டார்.

"இது உதவாதும்மா. ஒரு பறவை என் கணக்கையே குழப்புது. வர்ற வாரம் பெரிய கூண்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

பெரிய கூண்டில் முப்பது காக்கைகள். போன வருஷம் அங்கே விட்ட நொண்டிக் காக்கை இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை, கொத்தியே கொன்றுவிட்டன. ஆறு வருஷத்துக்கு முன் சந்தேகியைக் குஞ்சிலிருந்து கையால் ஊட்டி வளர்த்தவர் என் வீட்டுக்காரர். அவரை அறிந்த ஜீவன் என்று இந்த உலகத்தில் எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"ஒரு வாரம் டைம் குடுங்க டாக்டரம்மா" என்று மட்டும் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

ஜன்னலை மூடி அடுத்த சோதனை நடந்தபோது டாக்டரம்மாவின் பின்னால் நின்று கேமராத் திரையைப் பார்த்தேன். சந்தேகி எல்லாத் தட்டிலிருந்தும் மாற்றவில்லை. இடது கோடியில் இருந்த இரண்டு தட்டுகளில் இருந்ததை மட்டும் எடுத்தது. எடுத்து வலது பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தது. நடுநடுவே தலையைத் தூக்கி இடது சுவரைப் பார்த்தது. அங்கே ஒருவருமில்லை.

அந்தச் சுவருக்குப் பின்னால் அவருடைய சாமான் அறை. அவர் போனபிறகு நான் உள்ளே போகவே இல்லை. அன்று போனேன். வாளி, சல்லடை, அவருடைய முக்காலி. முக்காலியில் உட்கார்ந்தேன். என் நெற்றிக்கு நேராகப் பலகைச் சுவரில் கண் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைச் சுற்றியிருந்த மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. வருஷக்கணக்கில் யாரோ நெற்றியை அழுத்தி உட்கார்ந்த இடம். கண்ணை வைத்துப் பார்த்தேன். இடது பக்கத்து இரண்டு தட்டுகள் மட்டும் தெரிந்தன.

சந்தேகியின் முறை வரும் நாளில் மட்டும் அவர் இந்த அறைக்குள் போய்விடுவார் என்பது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. சோதனை முடிந்ததும் மிஞ்சிய இறைச்சியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாறிவிடும். மற்றவர்கள் மணலைச் சலித்துத் தேடுவார்கள். இவர் இந்த இரண்டு தட்டுகளிலும் நேராகக் கையை விட்டு எடுப்பார். "கை ராசி" என்று எல்லோரும் மெச்சுவோம். அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். பக்கத்திலிருந்த கூண்டுக்குள்ளிருந்து அதைச் சந்தேகி பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? ஓட்டையில் தெரிகிற கண்ணும், நேராக வந்து எடுக்கிற கையும் ஒருவருடையவை என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. அட பாவி மனுஷா, உன்னிடமிருந்து ரொட்டியைப் பிடுங்கினவர்கள் செய்ததைத்தானே நீயும் செய்தாய் என்று அந்த அறையிலேயே அழுதேன்.

சொன்னால் அவர் பெயர் கெடும். சொல்லாவிட்டால் சந்தேகி சாகும். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆறு வருஷமா? யாருமில்லாத அறைன்னு நான் எழுதினதெல்லாம்?"

"ஆமாங்க. அவருக்கு, தான் வளத்த பறவை ஒளிக்கிறதப் பாக்கணும். வேற கெட்ட எண்ணம் இல்ல. நீங்க அவர என்ன வேணாலும் சொல்லுங்க. அது மேல மட்டும் குத்தமில்ல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பறவைதான் சரியாச் சொல்லிக்கிட்டிருந்திருக்கு. நான்தான் தப்பா எழுதியிருக்கேன்" என்றார். "அந்த ஓட்டைய அடைச்சிட்டு மறுபடி பார்ப்போம். அது பார்க்கிற மாதிரி, உள்பக்கத்திலிருந்து அடைக்கணும். நீங்களே அடைக்கிறீங்களா?"

சுத்தியலும் ஒரு தகரத் துண்டும் எடுத்துக்கொண்டு சோதனை அறைக்குள் போனேன். சந்தேகி கொம்பில் உட்கார்ந்து என் கையையே பார்த்தது. அந்த ஓட்டைக்குப் பின்னால் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பிய ஒரே உயிர் அது. முதல் ஆணியில் விரலில் அடித்துக்கொண்டேன். நாலு ஆணி அடித்தேன்.

முதல் இரண்டு நாள் பழையபடியே மாற்றியது. தகரத்தின் கிட்டே போய் அலகால் தட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் ஒரு துண்டை மட்டும் மாற்றியது. ஒன்பதாம் நாள் இடது கோடித் தட்டில் மூன்று துண்டைப் புதைத்துவிட்டு, திரும்பி வந்தபோது அவற்றைத் தொடவே இல்லை. சுவரையும் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா, அசைக்கவே இல்ல. இனி இது எங்கயும் போகாது" என்றார் டாக்டரம்மா.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். இறைச்சியை நறுக்க உட்கார்ந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றக் கழற்றினேன். பின்னால் இரண்டு பிஸ்கட், மெழுகுத்தாளில் சுற்றி, நூல் கட்டி. இந்த இடத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பேட்டரியைப் போட்டு, பிஸ்கட்டை இருந்த இடத்திலேயே வைத்து, கடிகாரத்தை மாட்டினேன். பிறகு, பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.