எழுத்தளவுக் கரடி

ஒசாகாவில் அரட்டைச் செயலிக்குப் படம் வரையும் ஓகினோ, இரங்கல் செய்திக்கென இரண்டு கரடிகளைத் திரையில் வைத்தாள். செயலியில் ஏற்கெனவே இருந்த பழைய கரடி கண்மூடி அழுதது. புதியது முகம் காட்டாமல் குனிந்து வணங்கியது. பெரிதாகப் பார்த்தால் அழுததுதான் நெஞ்சைத் தொட்டது.

சக ஊழியர் ட்சுஜி இரண்டையும் எழுத்தளவுக்குச் சுருக்கினார். அழும் கரடியின் கண்ணீரும் புருவமும் காணாமல் போய், வளைந்த இமைகள் மட்டும் மிஞ்சின.

"ஓகினோ சான், இது சிரிக்குதே. குனிஞ்சதையே வெச்சுக்கலாம்."

அவள் தலையசைத்தாள். போன மாதம் கணவனைப் பறிகொடுத்த தோழிக்கு, "நான் இருக்கேன்" என்றெழுதி, வரியின் கடைசியில் குட்டியாக இந்த அழும் கரடியைத்தான் சேர்த்து அனுப்பியிருந்தாள்.

பதிலே வரவில்லை. துக்கத்தில் பேசாமல் இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.