சிலுவையம்மாள் சொன்ன வணக்கம்

சிலுவையம்மாளை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். கொருக்குப்பேட்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். காசிமேட்டில் இறால் உரிப்பாள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். புருஷன் போன பிறகு மகள் ஜானட்டை வைத்துக்கொண்டு யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவள். ஜானட் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். இரண்டாயிரத்து மூன்று ஆவணியில், வேலைக்குப் போக கூட்ஸ் வண்டித் தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தாள். எங்கள் தெருவிலிருந்து பஸ்ஸுக்குப் போக அந்த வழிதான்.

அதற்குப் பிறகுதான், தண்டவாளத்துக்கு மேல் ஒரு நடைமேம்பாலம் வேண்டும் என்று எங்கள் தெருச் சங்கம் தீர்மானம் போட்டு மனு கொடுப்பதாக முடிவானது. சங்கத்தில் நூற்றிருபது பேர். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது போட்டால்தான் தீர்மானம் செல்லும்.

முதல் கூட்டத்துக்குத் தலைவர் ஆசீர்வாதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன். மைக்கைப் பிடித்தார். "மதிப்பிற்குரிய மரக்கடை உரிமையாளர் லியாகத் அலி அவர்களே" என்று தொடங்கி, முன்வரிசையில் இருந்த இருபத்தாறு பேரையும் பேர் சொல்லி அழைத்தார். ஒருவரை விட்டால் அவருக்குக் கோபம் வரும். அதனால் ஒருவரையும் விடவில்லை. அவர் அப்படி ஆரம்பித்தால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? பேச வந்த ஒவ்வொருவரும் அந்த இருபத்தாறு பேரையும் திரும்ப அழைத்தார்கள். ஐந்து மணிக்குத் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தோம். மிச்சம் முப்பத்தொன்பது பேர். தீர்மானம் நின்றுபோனது. சிலுவையம்மாளும் குடத்தோடு லாரிக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். மறுநாள் ரயில்வே ஆபீஸில் மனு வாங்கும் நாள். அது தப்பினால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆசீர்வாதமே சிலுவையம்மாளிடம், "நீதான் துணைத்தலைவர், இந்த வாட்டி நீயே தலைமை தாங்கும்மா. உன்னப் பாத்தா எவனும் எய்ந்து போகமாட்டான்" என்றார்.

போகும் வழியில் நான் அவளிடம், "மொதல்ல பொண்ணப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லு. அப்பதான் மனசு எளகும்" என்றேன்.

"வேணாம்க்கா."

"இன்னாத்துக்கு வேணாம்?"

"மொத வார்த்தையே அதாச்சுன்னா அல்லாரும் அய்துகினு கெடப்பாங்க. எழவு வூடு ஆயிடும். லாரி வந்துடும்."

மண்டபத்தில் எண்பத்தெட்டு பேர். மணி மூன்று. எல்லோரும் கைக்குட்டையோடு அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் மைக்கைத் தொடாமல் எழுந்து நின்றாள்.

"வந்த அல்லாருக்கும் வணக்கம். யார் பேரையும் தனியா சொல்லப்போறது இல்ல. நாலரைக்கு முடிச்சுடுவோம், அஞ்சுக்குத் தண்ணி லாரி. ஒரே விசயம், பாலம். பேசறவங்க மூணு நிமிசம். பேர் சொல்லி வணக்கம் வைக்கத் தேவையில்ல, நான் அல்லாருக்கும் சேத்து வெச்சுட்டேன். மஜீது பாய், தீர்மானத்தப் படி."

அவ்வளவுதான். மீன் விலை சொல்கிற குரல். கைக்குட்டையெல்லாம் மடிக்குத் திரும்பின.

பின்வரிசையில் எங்கள் தெருப் பூவம்மா, "இன்னாடி இது, கல்லு மாதிரி கீறா" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

முதலில் பேச எழுந்தவர் ஆசீர்வாதம். பழக்கம் விடுமா? "மதிப்பிற்குரிய..." என்றார்.

"நைனா, வணக்கம் ஆயிடுச்சு," என்றாள் அவள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

லியாகத் அலி பாயே சிரித்துவிட்டார். "உடு மாமு, என் பேரு எனக்குத் தெரியும். நீ விசயத்துக்கு வா."

அவர் விஷயத்துக்கு வந்தார். பின்னால் வந்தவர்களும் எந்த இடத்தில் தூண் நிற்கலாம், படி எத்தனை, மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று அதையே பேசினார்கள். மூன்று நிமிடத்தை ஒருவரும் தாண்டவில்லை. ஆசீர்வாதம் முன்மொழிந்தார், பூவம்மா வழிமொழிந்தாள். கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். எண்பத்தெட்டு. கையெழுத்தும் கைநாட்டும் முடிய நாலு இருபது ஆனது. நானும் பெருவிரலை வைத்தேன்.

ஜானட் பேர் அந்தக் கூட்டத்தில் ஒருமுறைதான் வந்தது, செயலாளர் மஜீது படித்த தீர்மானத்தில், தண்டவாளத்தில் இறந்தவர்கள் பட்டியலில் நாலாவதாக. அப்போது சிலுவையம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் செய்ததுதான் சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். தீர்மானம் நிறைவேறியதே, நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், யார் என்ன சொன்னாலும்.

மறுநாள் மனுவை வாங்கினார்கள், நகலில் முத்திரை குத்தித் தந்தார்கள். "பார்க்கலாம்" என்றார்கள். அவள் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். வீட்டுக்கு வர வேறு வழி இல்லை. இருபக்கமும் பார்த்து, தண்டவாளத்தைத் தாண்டி வந்தோம்.